மனைவி பெயரில் டெபாசிட், வரி என் தலையில்

2025 ஜூன் மாதம் ஒரு நாள் சாயங்காலம் என் மனைவியின் போனுக்கு வருமான வரித்துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பெயரில் பெரிய தொகைக்கான பரிவர்த்தனை பதிவாகியிருக்கிறது, போர்ட்டலில் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்ற பொருளில் இரண்டு வரி. அவள் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அதுவரை வருமான வரி ரிட்டர்ன் என்று ஒன்று போட்டதே இல்லை. "ஏங்க, ஏமாத்துற மெசேஜா இருக்கும்னு அழிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். நல்லவேளை, அழிக்கவில்லை.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. 2023 பிப்ரவரியில் குடும்பச் சொத்தில் என் பங்காக ஒரு தொகை வந்தது. அதில் 15 லட்சத்தை ஏப்ரல் முதல் வாரம் என் கணக்கிலிருந்து மனைவியின் கணக்குக்கு மாற்றினேன். அவள் பெயரில் 7 சதவீத வட்டிக்கு மூன்று வருட பிக்சட் டெபாசிட் போட்டோம். அப்போது என் கணக்கு ரொம்ப எளிமையானது: என் பெயரில் போட்டால் வட்டிக்கு 30 சதவீத அடுக்கில் வரி, அவளுக்கோ வருமானமே கிடையாது, அவள் பெயரில் போட்டால் வரியே இல்லை. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

தெரிந்தது சரிதான். பாதிதான் தெரிந்திருந்தது என்பதுதான் பிரச்சினை.

மெசேஜுக்கு நானே உட்கார்ந்து பதில் போட்டேன். மனைவியின் பான் எண்ணில் போர்ட்டலைத் திறந்து AIS பக்கத்தை, அதாவது நம் பரிவர்த்தனைகளைத் துறை தொகுத்து வைத்திருக்கும் வருடாந்திரப் பட்டியலைப் பார்த்தால், ஒரே நிதியாண்டில் 15 லட்சம் டெபாசிட் போட்ட விவரம் அங்கே இருந்தது. ஒருவர் பெயரில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ டெபாசிட் சேர்ந்தால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், பழைய டெபாசிட்டைப் புதுப்பித்தது அதில் சேராது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு "கணவர் கொடுத்த அன்பளிப்பு" என்று எழுதினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூலையில் என் ரிட்டர்னுக்காக ஆடிட்டரைப் பார்க்கப் போனபோது, பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "அன்பளிப்புன்னு எழுதிட்டீங்க, சரி. அந்த 15 லட்சத்தோட வட்டியை உங்க ரிட்டர்ன்ல காட்டினீங்களா?" என்றார். "அது அவ பேருல வர்ற வட்டி சார், நான் எதுக்குக் காட்டணும்?" என்றேன்.

அன்று அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, நாம் ஒன்றுக்கு வந்த பதிலை இரண்டுக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறோம். முதல் கேள்வி, 15 லட்சம் என்ற அசல் தொகை அவளுக்கு வருமானமா? இல்லை, கணவன் நெருங்கிய உறவு, அதனால் வரி இல்லை. இரண்டாவது கேள்வி, அந்த அசல் ஈனும் வட்டி யாருடைய வருமானம்? பெயரளவில் அவளுடையது. ஆனால் சரியான ஈடு வாங்காமல் மனைவிக்கோ கணவனுக்கோ ஒரு சொத்தைக் கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானத்தைக் கொடுத்தவரின் வருமானத்தோடு சேர்த்தே வரி போட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆவது பிரிவு. ஆடிட்டர்கள் வாயில் இதற்குப் பெயர் "கிளப்பிங்". 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்தச் சேர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

டெபாசிட்டை உடைத்துத் தங்கமாக வாங்கிவிட்டால் தப்பிக்கலாமா என்று கேட்டேன். (எல்லோரும் கேட்கிற கேள்வியாம்.) உருவம் மாறினாலும் மூலம் மாறாது என்றார். அந்தப் பணத்தில் அவள் நகை வாங்கி, பிறகு விற்று லாபம் வந்தால் அந்த லாபமும் என் கணக்குக்குத்தான் வரும். கடை வாங்கி வாடகைக்கு விட்டால் வாடகை என் வருமானம். பங்கு வாங்கி நஷ்டப்பட்டால், அந்த நஷ்டமும் என்னுடையதே. அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் நியாயமாகப் பட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு வாடிக்கையாளர் ஒரு யோசனை சொன்னார். நீங்க உங்க தம்பி சம்சாரத்துக்குக் கொடுங்க, அவர் உங்க வீட்டம்மாவுக்குக் கொடுக்கட்டும், நேரடியாக யாரும் தன் மனைவிக்குக் கொடுக்கவில்லையே என்று. ஆடிட்டர் சிரித்தார். இந்தச் சாமர்த்தியம் 1963லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டதாம். வழக்கு நம் சென்னையிலிருந்து போனது. வீடு வாங்கும்போது அப்பா மருமகளின் பங்குக்குப் பணம் கட்டினார், மகன் அம்மாவின் பங்குக்குக் கட்டினார். இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாகச் செய்தவை, சுற்றி வளைத்துத் தன் மனைவிக்குக் கொடுத்ததுதான் என்று தீர்ப்பு.

நான் அதிகம் பயந்துபோனது வரியை நினைத்து அல்ல, 15ஜி படிவத்தை நினைத்து. டெபாசிட் போட்ட அன்றே வங்கியில் ஒரு தாளை நீட்டி, "வருமானம் இல்லைன்னா இதுல கையெழுத்துப் போடுங்கம்மா, டி.டி.எஸ். பிடிக்க மாட்டோம்" என்றார்கள். அவளும் போட்டாள், ஒவ்வொரு ஏப்ரலும் போட்டாள். அந்தப் படிவத்தின் உறுதிமொழியை ஆடிட்டர் எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். இதில் சொல்லப்படும் வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு எவருடைய மொத்த வருமானத்திலும் சேர்க்க வேண்டியதல்ல என்று நான் அறிவிக்கிறேன் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. அதாவது என் மனைவி தனக்குத் தெரியாமலே, என் வரி விஷயத்தில் ஒரு தவறான உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்தே பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் வழக்குப் போட சட்டத்தில் இடம் உண்டு. எங்கள் விஷயத்தில் தெரியாமல் நடந்தது, நாங்களே முன்வந்து திருத்தினோம், அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஆனாலும் மனைவிக்குப் பணம் கொடுத்து டெபாசிட் போட்ட ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தாளில் ஒரு கையெழுத்து இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2026 ஏப்ரல் முதல் 15ஜிக்குப் பதில் வேறு படிவம் வந்துவிட்டது, அடுத்த முறை அதில் கையெழுத்துப் போடும் முன் உறுதிமொழியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

இனி பணக்கணக்கு. வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கூட்டும், நான் புரிவதற்காக வருடத்துக்கு ஒருமுறை கூட்டுவதாக வைத்துக்கொள்கிறேன். முதல் வருடம், அதாவது 2023-24ல், 15 லட்சத்துக்கு 7 சதவீதம் 1,05,000 ரூபாய். இது முழுக்க என் வருமானம். அந்த வருடத்து ரிட்டர்னை 2024 ஜூலையிலேயே இது இல்லாமல் போட்டுவிட்டேன். அதே வருடம் டிசம்பர் 31க்குள் தெரிந்திருந்தால் திருத்திய ரிட்டர்ன் போட்டு வரியையும் அதன் வட்டியையும் மட்டும் கட்டியிருக்கலாம். நான் போனது 2025 ஜூலை. அதனால் மிச்சமிருந்த வழி, ITR-U என்கிற புதுப்பித்த ரிட்டர்ன் ஒன்றுதான்.

என் அடுக்கில் செஸ்ஸோடு 31.2 சதவீதம், ஆக வரி 32,760. முன்கூட்டியே கட்டாததற்கான வட்டி ஏறத்தாழ 7,200. இந்த இரண்டையும் கூட்டி, அதன் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி, கிட்டத்தட்ட 10,000. எல்லாம் சேர்ந்து சுமார் 50,000 ரூபாய். ஒரு லட்சத்து ஐயாயிரம் வட்டி வந்ததில் பாதி போய்விட்டது. இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் அந்த 25 என்பது 50 சதவீதமாகியிருக்கும். இப்போது மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த நிதியாண்டு, முடிந்து நான்கு வருடம் வரை ITR-U போட முடியும், மூன்றாவது வருடம் 60, நான்காவது வருடம் 70 சதவீதம் கூடுதல்.

ஒரு நண்பர், "2023லேயே மனைவிக்குக் கடன் கொடுத்த மாதிரி ஒரு பத்திரம் எழுதிக்கோ" என்றார். உண்மையான கடன், நியாயமான வட்டி, அந்த வட்டி மாதாமாதம் வங்கி வழியாக வந்தது என்றால் சேர்ப்பு வராது. ஆனால் அந்த வட்டி எனக்கு வருமானம்தானே, டெபாசிட் விஷயத்தில் அதனால் மிச்சம் ஒன்றும் இல்லை. அதைவிட, பின்தேதி போட்டு எழுதுவது மோசடி. மெசேஜுக்கு நானே "அன்பளிப்பு" என்று பதில் எழுதிவிட்டு இப்போது கடன் பத்திரம் நீட்டினால் எப்படி இருக்கும்!

இரண்டாவது வருடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. முதல் வருட வட்டி 1,05,000 எங்கள் கைக்கு வராமல் டெபாசிட்டிலேயே சேர்ந்துவிட்டது. 2024-25ல் 16,05,000 ரூபாய்க்கு வட்டி ஓடியது, 1,12,350. இது முழுவதும் என் தலையிலா? இல்லை. நான் கொடுத்தது 15 லட்சம் மட்டும், அதன் வட்டி 1,05,000 என்னுடையது. மேலே உள்ள 7,350 என்பது வட்டிக்கு வந்த வட்டி. அந்த முதல் வருட வட்டிக்கு நான் வரி கட்டியிருந்தாலும் அந்தப் பணம் அவளுடையது, அதை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அதனால் அது ஈனுவதும் அவளுடைய வருமானம். மூன்றாவது வருடம் மொத்த வட்டி 1,20,214, அதில் 1,05,000 எனக்கு, 15,214 அவளுக்கு. வருடம் ஏற ஏற என் பங்கு அப்படியே நிற்கும், அவள் பங்கு வளரும். இருபது வருடத்தில் அவள் பங்கே பெரிதாகிவிடும். சட்டம் தருகிற சின்ன இடம் இது, ஆனால் கணக்கு வைத்திருந்தால்தான் உண்டு. வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழில் 1,12,350 என்று ஒரே தொகையாகத்தான் வரும். பிரித்து எழுதி வைக்க வேண்டியது நாம்தான்.

பிரித்து எழுத உட்கார்ந்தபோது நாங்கள் செய்து வைத்திருந்த இன்னொரு குழப்பம் வெளியே வந்தது. 2024ல் அவள் பெயரில் 5 லட்சத்துக்கு இரண்டாவது டெபாசிட் ஒன்று. அதில் 3 லட்சம் அவள் தையலில் சேர்த்து, சீட்டு எடுத்த பணம். 2 லட்சம் என் தீபாவளி போனஸும் இன்னும் ஏதேதோவும், நான் அவ்வப்போது அவள் கணக்குக்குப் போட்டது. எல்லாம் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடந்தது. ஆடிட்டர் இரண்டு வருட ஸ்டேட்மென்டை அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். நானும் மனைவியும் இரண்டு நிற ஹைலைட்டர் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். தையல் வரவு எல்லாம் ஜிபேயில் நூறு, இருநூறு, எண்ணூறு என்று வந்திருந்ததால் அடையாளம் காண முடிந்தது. ரொக்கமாக வாங்கியிருந்தால் அவள் உழைப்புக்கு அவளிடமே சாட்சி இருந்திருக்காது. கடைசியில் அந்த டெபாசிட்டின் 35,000 வட்டியில் ஐந்தில் மூன்று பங்கு, 21,000, அவளுடையது என்றும் 14,000 என்னுடையது என்றும் பிரித்தோம்.

அதன் பிறகு அவளுக்கு இரண்டு கணக்கு. தையல் பணமும், அவள் அம்மா வீட்டிலிருந்து வருவதும் ஒன்றில். நான் கொடுத்த பணமும் அதன் வட்டியும் இன்னொன்றில். வீட்டுச் செலவு மொத்தமும் என் சம்பளத்தில் போகிறது, அவள் சம்பாதிப்பதில் ஒரு ரூபாய் தொடுவதில்லை, அது அப்படியே அவள் பெயரில் முதலீடாகிறது. மனைவி சம்பாதிக்கிற வீட்டில் சட்டப்படி செய்யக்கூடிய சுலபமான காரியம் இதுதான், ஏனென்றால் இங்கே நான் அவளுக்குச் சொத்து எதையும் கொடுக்கவில்லை, வீட்டை நடத்துகிறேன், அவ்வளவே. பத்து வருடமாக நாங்கள் செய்தது நேர்மாறு. மளிகையும் காய்கறியும் அவள் தையல் காசில், சேமிப்பு என் சம்பளத்தில்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவனும் மனைவி பெயரில் 15 லட்சம் போட்டிருக்கிறான். அவன் சம்பளம் 12,75,000. புதிய வரிமுறையில் 2025-26லிருந்து, நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம், வரி பூஜ்யம் என்று நிம்மதியாக இருந்தான். அந்த 1,05,000 வட்டியைச் சேர்த்தால் வருமானம் 13,05,000 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி மொத்தமும் போய்விடுகிறது. வரி 75,750, செஸ்ஸோடு 78,780. ஒரு லட்சத்து ஐயாயிரம் வட்டிக்காக 78,780 ரூபாய் வரி! எல்லையை ஆயிரம், ஐயாயிரம் என்று கொஞ்சமாகத் தாண்டினால் வரியைக் குறைக்க ஒரு சலுகை உண்டு, இவ்வளவு தாண்டினால் அது உதவாது. 30 சதவீத அடுக்கில் இருக்கிறவர்களுக்குத்தான் கிளப்பிங் கவலை என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த 12 லட்சக் கோட்டின் மேல் நிற்கிறவனுக்குத்தான் அடி பலம்.

அவனுக்கு ஆடிட்டர் சொன்ன வழி, முதிர்வு வரும்போது அந்தப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மனைவி பெயரிலுள்ள பி.பி.எஃப். கணக்கில் வருடத்துக்கு 1.5 லட்சம் போடுவது. சேர்ப்பு அங்கேயும் உண்டு, ஆனால் வட்டியே வரிவிலக்கு பெற்றது என்பதால் சேர்த்தாலும் வரி இல்லை. எங்கள் அப்பா பெயரில் போட்டால் என்ன என்றும் கேட்டான். பெற்றோருக்கோ 18 வயது தாண்டிய பிள்ளைக்கோ கொடுத்தால் சேர்ப்பு கிடையாது, வட்டி அவர்களுடைய வருமானம். ஆனால் பணமும் அவர்களுடையது. நாளைக்கு அது எல்லா வாரிசுக்கும் பொது. அண்ணன் தம்பி நாங்கள் இரண்டு பேர், தங்கை ஒருத்தி. அந்த யோசனை அதோடு நின்றது. மருமகளுக்குக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று அப்பா நினைத்தார், அதுவும் ஆகாது. மாமனாரோ மாமியாரோ மருமகளுக்குக் கொடுத்ததன் வருமானம் கொடுத்தவருக்கே திரும்பி வரும்.

பாப்பா விஷயம் தனி. 2024 ஏப்ரலில் அவளுடைய அப்புச்சி, அதாவது என் மாமனார், பேத்தி பெயரில் 3 லட்சம் டெபாசிட் போட்டுக் கொடுத்தார். அவளுக்கு அப்போது 13 வயது. இதை நான் கொடுக்கவில்லையே, என்னோடு எப்படிச் சேரும் என்று தைரியமாக இருந்தேன். மனைவிக்கான விதியில் "நான் கொடுத்தேனா" என்பதுதான் கேள்வி. மைனர் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. யார் கொடுத்திருந்தாலும், 18 வயது ஆகும் வரை பிள்ளையின் வருமானம் அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும். வட்டிக்கு வட்டியும் சேரும், அங்கே மனைவிக்குச் செய்ததுபோல் பிரிக்க முடியாது. ஒருமுறை ஒருவரோடு சேர்த்துவிட்டால் அடுத்தடுத்த வருடமும் அவரோடுதான், நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியாது. ஆக 21,000 வட்டி என் ரிட்டர்னில். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவு உண்டு, 19,500க்கு வரி கட்டினேன். புதிய முறைக்கு மாறிய பிறகு அந்த 1,500ம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வட்டி எங்கள் வீட்டில் என் பான் எண்ணில் வரவில்லை. மைனர் கணக்குக்கு மனைவியைக் கார்டியனாகப் போட்டிருந்ததால் அவளுடைய AIS பக்கத்தில் வந்தது. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் கருத்துச் சொல்ல ஒரு பட்டன் இருக்கிறது. அதில் "Information relates to other PAN/Year" என்பதைத் தேர்ந்தெடுத்து, என் பான் எண்ணைப் போட்டோம். என் ரிட்டர்னில் Schedule SPI என்ற பகுதியில் மனைவியின் பெயர், பாப்பாவின் பெயர், உறவு, தொகை எல்லாம் எழுதினோம். நான் அதுவரை போட்டுவந்த ITR-1ல் இந்தப் பகுதி கிடையாது, ITR-2க்கு மாறினேன்.

பாப்பா பரதநாட்டியம் ஆடுவாள். ஒரு கோயில் விழாவில் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். அது சேராது. பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது பிள்ளையுடையது. ஆனால் அந்த 5,000த்தை டெபாசிட் போட்டால் அதன் வட்டி என்னோடு சேரும், ஏனென்றால் வட்டி ஆட்டத்தால் வந்ததல்ல. இதைச் சொன்னதும் பாப்பா, "அப்போ நான் ஆடுனது எனக்கு, தூங்குனது உங்களுக்கா?" என்றாள். நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இல்லை. (சட்டப்படியான ஊனமுள்ள பிள்ளையின் வருமானம் எதுவாக இருந்தாலும் பெற்றோரோடு சேராது, அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.)

அவள் பெயரில் மியூச்சுவல் ஃபண்டும் கொஞ்சம் இருக்கிறது. அதை 18 முடியும் வரை தொடப் போவதில்லை. 17 வயதில் விற்றால் லாபம் என்னுடையது. பிறந்தநாளுக்கு அடுத்த நாள் விற்றால் அவளுடையது, அவளுக்குத் தனியாக வரம்பு உண்டு. 18 ஆனதும் அந்தக் கணக்கை மேஜர் கணக்காக மாற்றி, அவளுடைய பான், கே.ஒய்.சி. எல்லாம் கொடுத்த பிறகுதான் விற்கவே முடியும், அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும். காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதத்தில் போய் நிற்காமல் முன்கூட்டியே பான் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னும் சரியாகாத ஒன்று டி.டி.எஸ். இப்போது 15ஜி கொடுப்பதில்லை, அதனால் மனைவி பான் எண்ணில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். வருமானம் என்னுடையது, பிடித்த வரி அவள் பெயரில். விதிப்படி அவள் வங்கிக்கு ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால், அந்தப் பிடித்தத்தை என் பான் எண்ணில் வங்கி காட்ட வேண்டும். விதி எண் 37பிஏ என்று எழுதி, கடிதத்தோடு கிளைக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேனேஜரிடம் கொண்டுபோனார், மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். எழுத்துப்பூர்வமாக முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்குப் பதில் வரும்வரை, என் ரிட்டர்னின் டி.டி.எஸ். பகுதியில் "வேறொருவருடையது" என்று காட்டும் இடத்தில் அவள் பான் எண்ணைப் போட்டு நான் எடுத்துக்கொள்கிறேன், அவளும் தன் ரிட்டர்னில் அதை எனக்கு விட்டுக்கொடுத்ததாகக் காட்டுகிறாள். வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் அவள் ரிட்டர்ன் போடுகிறாள். அவளுடைய பங்கு வளர்ந்து ஒருநாள் வீடோ கடையோ வாங்கினால், பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல அது இருக்கும்.

2025ல் ஆடிட்டரைப் பார்த்த பிறகு ஒருநாள் வங்கிக்குப் போனபோது கவுன்டரில் வழக்கம்போல 15ஜி தாளை நீட்டினார்கள். மனைவி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த உறுதிமொழி வரியைத் தேடிப் படித்தாள். "தம்பி, அந்தப் பெரிய டெபாசிட்டோட இந்த வருஷ வட்டியில பதினஞ்சாயிரத்துச் சொச்சம்தான் என்னுது. அதுக்கு மட்டும் கொடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அந்தப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "கொடுத்தா கஸ்டமருக்கே மொத்தமா விழும்க்கா, பாதிக்கு மட்டும்னு சிஸ்டத்துல வராது" என்றான். அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்போ பிடிச்சுக்கோங்க" என்றாள்.